போனில் ஜொலித்த பச்சை

கறுப்புப் பின்னணியில் நியான் பச்சை எழுத்து. செல்போன் கடை, ஜிம், பிரியாணிக் கடை என்று பலரும் விரும்பிக் கேட்கிற ஜோடி இது. வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொன்னவர், ஃபிளெக்ஸ் கட்டிய அன்று அண்ணாந்து பார்த்தால் பாசி படிந்த பச்சைதான் தெரியும். அந்தச் சண்டை வருமுன்பே ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனர் கடைக்காரருக்கு எழுதும் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அண்ணே, வணக்கம். 10க்கு 4 அடி பேனரை இன்னும் பிரிண்டுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் போனில் பார்த்த பச்சை, திரை உமிழ்கிற வெளிச்சம். ஃபிளெக்ஸ் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். மெஷினில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைதான். சயானும் மஞ்சளும் சேர்ந்தால் இலைப்பச்சை வரும். எவ்வளவு மை ஊற்றினாலும் நியான் வராது. ஃபோட்டோஷாப்பில் View மெனுவில் Gamut Warning போட்டதும் கடைப் பெயர் முழுக்கச் சாம்பலாகிவிட்டது. அச்சில் கிடைக்காத நிறத்தை அது அப்படித்தான் காட்டும். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

எழுத்தைச் சுற்றியுள்ள க்ளோவையும் எடுத்துவிடலாம். பிரிண்டில் அது அழுக்குப் பச்சைப் புகைபோல் விழும். கீழே முகவரி சின்ன எழுத்தில் இருக்கிறது. சுற்றிலும் கறுப்பு மை கனமாக இறங்கும்போது அது கசிந்து, புள்ளியும் சுழியும் அடைபடும். பெயரை மஞ்சளிலும் முகவரியைத் தடித்த வெள்ளையிலும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் தனி மையாகவே இருப்பதால் கலப்பில் மங்காது. எதிர்ச்சாரி நாற்பதடி தள்ளி இருப்பதால் போன் நம்பரை நாலு அங்குலமாக்கியிருக்கிறேன். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு.”

‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எங்கும் எழுதாததுதான் இந்தக் கடிதத்தின் கெட்டிக்காரத்தனம். ரசனையைப் பேசினால் கடைக்காரரிடம் ஜெயிக்க முடியாது, பணம் அவருடையது.

‘நியான் எழுத்தைப் படிக்க முடியாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாததும் சரியே. #39FF14 என்கிற நியான் பச்சைக்கும் கறுப்புக்கும் திரையில் வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய 15க்கு 1. இணையப் பக்கங்களின் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 இருந்தாலே போதும் என்கிறது WCAG விதி. ஆகவே இதே டிசைன் இன்ஸ்டாகிராம் விளம்பரமாகத் தாராளமாகப் போகலாம். ஆஸ்டிக்மாடிசம் உள்ள கண்ணுக்கு மட்டும் கறுப்பில் பளீரென்ற எழுத்து ஓரம் கலங்கித் தெரியும். அதற்கு எழுத்தைப் பெரிதாக்கி, பளபளப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

நியான்தான் வேண்டும் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நின்றால்? புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிற ஃப்ளோரசன்ட் வினைல் ஸ்டிக்கர் கிடைக்கிறது. ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். நாலு நாள் ஆஃபருக்கு வேண்டுமானால் ஒட்டலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் பெயரை மட்டும் எல்இடி நியான் குழாயில் வளைத்து மாட்டலாம், செலவு கூடுதல். பகலில் அது அவ்வளவாக எடுபடாது என்பதால், பணம் கட்டுமுன் கடைக்கு எந்த நேரத்தில் கூட்டம் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.