அட்வான்ஸ் வாங்கியதும் அனுப்பும் அந்த ஒரு மெசேஜ்

பழைய கார் விற்பனையில் பேரம் முடிந்தவுடன் கைபேசியில் பறக்கும் மெசேஜ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: "சார், 20000 அட்வான்ஸ் வந்துருச்சு. பாக்கி 10ம் தேதிக்குள்ள குடுத்துருங்க. இல்லன்னா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது."

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இந்த மூன்று வரி போதும். பத்தாம் தேதி பணம் வராமல் போனால்தான் இதில் எதுவுமே நிற்காது என்பது தெரியும். எந்த வண்டி, மொத்த விலை என்ன, எந்த மாதத்துப் பத்தாம் தேதி என்று ஒன்றும் இல்லை. வாங்குபவர் தவறினால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறார், விற்பவர் தவறினால் என்ன என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பணம் கைக்கு வந்த பிறகு நிபந்தனை போடுவது. பேசி, பணத்தையும் கொடுத்து முடித்தபின் ஒருவர் தன்னிஷ்டத்துக்கு எழுதும் புது நிபந்தனை, அடுத்தவர் ஒத்துக்கொள்ளாதவரை அவரைக் கட்டுப்படுத்தாது. "அட்வான்ஸ் போய்விடும் என்று பணம் கொடுக்கும்போது நீங்கள் சொல்லவே இல்லையே" என்று அவர் கேட்டால் பதில் இருக்காது.

அதனால் இந்த மெசேஜை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நிபந்தனைகள் பணத்துக்கு முன்னால் போக வேண்டும். ரசீது பணத்துக்குப் பின்னால்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மதுரையில் ஒருவர் தன் 2016 மாடல் ஸ்விஃப்ட் காரை 3,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறார். அட்வான்ஸ் 20,000. வண்டியின் மீதிருந்த கடனை அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. இன்னும் நீங்கவில்லை. வங்கியிலிருந்து என்.ஓ.சி.யும் 35ஆம் எண் படிவமும் வர வேண்டும். விற்பவர் பாக்கித் தேதியை நெருக்குவார், வாங்குபவரோ என்.ஓ.சி. வராமல் மூன்று லட்சத்துக்கு மேல் எப்படிக் கொடுப்பது என்று தயங்குவார். பத்தாம் தேதி தாண்டினால் தவறு யாருடையது? மூன்று வரி மெசேஜ் இதற்குப் பதில் சொல்லாது. வழக்கமாகச் சண்டை வெடிக்கும் இடமும் இதுதான்.

தொகையை எடுத்துக்கொள்வோம். கொடுத்த 20,000 விலையின் ஒரு பகுதியா, அல்லது 'வாக்கு மாற மாட்டேன்' என்பதற்கான அச்சாரமா? நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சதீஷ் பத்ரா வழக்கு வீட்டு விற்பனை பற்றியது. 70 லட்ச ரூபாய்ச் சொத்துக்குக் கொடுத்த 7 லட்சத்தை விற்பவர் எடுத்துக்கொண்டது செல்லும் என்றார்கள். காரணம், அது அச்சாரம் என்பதும் வாங்குபவர் தவறினால் பறிமுதல் என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தன. வெறும் விலைப்பகுதியாகக் கொடுத்த பணத்தை அப்படிப் பறிமுதல் செய்ய முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே 'அட்வான்ஸ்' என்று மட்டும் எழுதாமல், ஒப்பந்தத்துக்கான அச்சாரம், விற்பனை முடிந்தால் விலையில் கழியும் என்று எழுத வேண்டும்.

அளவும் முக்கியம். 3,60,000 ரூபாய் வண்டிக்கு 20,000 அச்சாரம் நியாயமாகத் தெரியும். ஒரு லட்சம் வாங்கிவிட்டு முழுவதையும் வைத்துக்கொள்வேன் என்றால், அதை அபராதமாகவே பார்ப்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. பெரிய தொகை வாங்கினால், அதில் இவ்வளவுதான் அச்சாரம், மீதி திருப்பித் தரப்படும் என்று பிரித்து எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

அடுத்தது தேதி. பொருள் விற்பனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, வேறு நோக்கம் தெரியாதவரை, பணம் கொடுக்கும் நாள் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகக் கருதப்படாது. ஒரு நாள் தாமதித்ததும் வண்டியை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு அச்சாரத்தையும் வைத்துக்கொள்வேன் என்றால் சிக்கல் வரும். அந்த நோக்கத்தை மெசேஜிலேயே சொல்லிவிட வேண்டும். கிழமை, நேரத்தோடு சொல்ல வேண்டும். பணம் எந்த வழியில் வரும் என்பதும் வேண்டும். யு.பி.ஐ.யில் ஒருவருக்கொருவர் அனுப்ப ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் பொதுவான உச்சவரம்பு. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்காது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு இதைக் கண்டுபிடிப்பவர்கள் பலர்.

திருத்தி எழுதினால் முதல் மெசேஜ் இப்படி வரும்:

"வணக்கம் சார். மாருதி ஸ்விஃப்ட் 2016 மாடல் (முழுப் பதிவு எண்), பேசிய விலை 3,60,000 ரூபாய். மெக்கானிக்கை வைத்து வண்டியைப் பார்த்துவிட்டீர்கள். அச்சாரம் 20,000 ரூபாய், விற்பனை முடியும்போது விலையில் கழியும். 06.06.2026 சனிக்கிழமைக்குள் வங்கி என்.ஓ.சி., 35ஆம் எண் படிவங்களை உங்களிடம் காட்டுவேன். அதன்பின் பாக்கி 3,40,000 ரூபாயை 10.06.2026 புதன் மாலை 5 மணிக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். இந்த நேரம் கட்டாயம். நான் சொன்னபடி செய்தும் நீங்கள் பாக்கி தராவிட்டாலோ, வேண்டாம் என்றாலோ, அச்சாரம் 20,000 திரும்பக் கிடைக்காது, வண்டியை வேறு ஒருவருக்கு விற்பேன். என்.ஓ.சி. காட்டத் தவறினாலோ, வேறு ஒருவருக்கு விற்றாலோ, 20,000 முழுவதையும் 2 நாளில் திருப்பித் தருவேன். லோன் கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. சம்மதம் என்றால் உங்கள் பெயருடன் 'சம்மதம்' என்று பதில் அனுப்பிவிட்டுப் பணம் அனுப்புங்கள்."

லோன் பற்றிய வரி பேசித் தீர்க்க வேண்டியது. வாங்குபவர் கடனை நம்பியிருந்தால் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. லோன் மறுக்கப்பட்ட கடிதத்தைக் காட்டினால் அச்சாரம் திரும்ப வரும் என்று மாற்றச் சொல்லலாம். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

'சம்மதம்' வந்து, பணமும் வந்த பிறகு ரசீது ஒரே வரியில் முடிந்துவிடும்: "மேற்கண்ட நிபந்தனைப்படி அச்சாரம் 20,000 ரூபாய் 31.05.2026 அன்று யு.பி.ஐ. மூலம் (பரிவர்த்தனை எண்) பெற்றுக்கொண்டேன். பாக்கி 3,40,000." காகிதத்தில் எழுதிக் கொடுப்பதானால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவு கறாராக எழுதியதையும் ஒரு வார்த்தை கெடுத்துவிடும். ஒன்பதாம் தேதி வாங்குபவர் "அண்ணே, இன்னும் ரெண்டு நாள் கொடுங்க" என்பார். "சரி, பாத்துக்கலாம்" என்று பதில் போனால், தேதி கட்டாயம் என்ற நிலையை விற்பவரே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அவகாசம் கொடுப்பதில் தப்பில்லை. "12.06.2026 வெள்ளி மாலை 5 மணிவரை நீட்டிக்கிறேன், மற்ற நிபந்தனைகள் அப்படியே" என்று எழுதுங்கள்.

இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான இப்படிப்பட்ட விற்பனைத் தகராறுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது. சிவில் நீதிமன்றம்தான். அங்கே இந்த மெசேஜ்களே சாட்சி. அதனால் தானாக மறையும் மெசேஜ் வசதியை அணைத்துவைத்து, பெயர் மாற்றம் முடியும்வரை அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.