பத்து மணி என்றால் யாருடைய பத்து மணி?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனம். 2026 மார்ச் 26, வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு லண்டன் வாடிக்கையாளருடன் வீடியோ கால் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை 8 மணிக்கு டீம் லீடின் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிடுகிறது. லண்டனில் அப்போது பின்னிரவு 2.30.

தகவல் சொல்ல அவர் மாலை வரை காத்திருக்கத் தேவையில்லை. உடனே மெயில் அனுப்பிவிட்டால், வாடிக்கையாளர் எழுந்ததும் பார்த்துக்கொள்வார். சிக்கல் மெயிலின் உள்ளடக்கத்தில்தான். நம்மவர்கள் பலர் முதல் பத்தி முழுக்க மன்னிப்புக் கேட்டு, இரண்டாவதில் டாக்டர் சொன்னதையெல்லாம் விவரித்து, கடைசியில் "உங்களுக்கு எப்போது வசதி?" என்று முடிப்பார்கள். பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை முழுவதும் எதிராளி தலையில் விழுந்துவிடுகிறது. லண்டன் அலுவலகம் 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே பிற்பகல் 2.30. இரு பக்கமும் ஒரே நேரத்தில் மேஜையில் இருப்பது நான்கு மணி நேரம்தான். கேள்வி, பதில், மறுகேள்வி என்று போனால் இரண்டு நாள் ஓடிவிடும்.

இப்படி எழுதினால் போதும்: "குடும்பத்தில் திடீர் மருத்துவ அவசரம், இன்று இந்திய நேரம் மாலை 4 மணி கூட்டத்துக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். நாளை வெள்ளி லண்டன் நேரம் காலை 10 முதல் 12 வரை, அல்லது 30-ஆம் தேதி திங்கள் அதே 10 முதல் 12 வரை எனக்கு முடியும். இரண்டும் ஒத்துவராவிட்டால் செவ்வாயில் ஒரு நேரம் சொல்லுங்கள்."

இந்த மெயிலில் ஒரு கண்ணி இருக்கிறது. மார்ச் 29 ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை லண்டனின் 10 மணி கோவையில் பிற்பகல் 3.30, திங்கட்கிழமை அதே 10 மணி 2.30. வெள்ளிக் கணக்கிலேயே திங்களும் உட்கார்ந்தால், அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. "அடுத்த வெள்ளி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. ஏப்ரல் 3 புனித வெள்ளி. 6-ஆம் தேதி ஈஸ்டர் திங்கள். இரண்டு நாளும் அங்கே விடுமுறை.

சொன்ன நேரங்களைத் தன் காலண்டரில் தற்காலிகமாக அடைத்து வைக்காதவர்களும் மாட்டிக்கொள்வார்கள். பதில் வருவதற்குள் வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் இன்னொரு மன்னிப்பு மெயில் போக வேண்டும், அது முதலாவதைவிடக் கசப்பானது. லண்டனில் ஒரு நேரத்தை ஏற்றுக்கொண்டதும், பழைய அழைப்பிலேயே நேரத்தை மாற்றிவிட வேண்டும். புதிதாக ஒன்று அனுப்பிப் பழையதை ரத்து செய்ய மறந்தால், யாராவது ஒருவர் வியாழன் மாலை காலியான அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார்.