பில் போட்டோவிலிருந்து பாக்கிக் கணக்கு

திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்டிங் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறை. நடத்துபவர் ஒரு பெண்மணி. பில் புத்தகத்தில் கையால் பில் எழுதி, கிழித்துக் கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். "யாரு தரணும்னு தெரியும், மொத்தம் எவ்வளவுன்னும் தெரியும். எது எப்பவே வந்திருக்கோணும்னுதான் தெரியலீங்க" என்றார். அவர் கேட்டது ஏஜிங் பட்டியல். வரவேண்டிய பணம் கெடு தாண்டி எத்தனை நாளாகிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு அது. 2025 ஜூலை 31 என்ற ஒரு நாளை வைத்து அதைப் போட உட்கார்ந்தோம்.

படங்களைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, பில் எண்ணை. எண் வரிசையில் அடுக்கியபோது 112, 113, 115 என்று வந்தது. 114 எங்கே? அடிக்கட்டையைப் புரட்டினால், பில் போட்டிருக்கிறது, படம் எடுக்க மறந்திருக்கிறது. இன்னோர் இடத்தில் ஒரே பில்லுக்கு இரண்டு படம். எண் வரிசை மட்டுமே இந்த இரண்டையும் காட்டிக் கொடுக்கும். ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண் இருமுறை வரக்கூடாது என்பது ஜி.எஸ்.டி. விதி என்பதால், இந்தச் சோதனையை நம்பலாம்.

பிறகு ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று எக்செல்லில் ஏற்றினோம். கார்பன் நகலில் 1, 7 ஆகத் தெரியும். 3, 8 ஆகத் தெரியும். வேலைக் கூலியையும் வரியையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். 40,000 கூலி, 5 சதவீத வரி 2,000, மொத்தம் 42,000 என்று வரவேண்டும். பார்ட்டி பெயரை மட்டும் நம்பக்கூடாது. ஒரே கம்பெனியை 'டெக்ஸ்' என்று ஒரு பில்லிலும் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று இன்னொன்றிலும் எழுதியிருந்தார்கள். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் ஒன்றாக இருந்ததால்தான் இரண்டும் ஒரே பார்ட்டி என்று தெரிந்தது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது தேதி. ஒரு பில்லில் 05/06/2025 என்று இருந்தது. நம் வழக்கப்படி ஜூன் 5. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்ததால் அதை மே 6 என்று எடுத்துக்கொண்டது, ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. 30 நாள் கெடு வைத்தால், ஜூலை 31 அன்று 26 நாள் தாமதமான பில், 56 நாள் தாமதமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 25/06/2025 போன்ற தேதியை அந்தக் கம்ப்யூட்டர் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் நிறுத்திவிடும். தேதிப் பத்தியில் சில இடதிலும் சில வலதிலும் நின்றால், வலதில் ஒழுங்காக நிற்பவையும் சந்தேகத்துக்குரியவையே. தேதி அமைப்பை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம்.

அடுத்து கெடு. பாதி பில்களில் கெடுவே எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான். பில் போட்ட நாளிலிருந்தா, சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்தா என்பதும் ஆளுக்கு ஆள் மாறியது. பில் தேதியிலிருந்து என்று ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு, அதைப் பட்டியலின் தலையில் எழுதினோம். உத்யம் பதிவு உள்ள சிறு தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் ஒரு வரம்பு தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது.

கட்டம் B1-இல் கணக்கு நாள். A பத்தியில் பில் எண், B-இல் பார்ட்டி, C-இல் பில் தேதி, D-இல் கெடு நாள்கள், F-இல் தொகை, G-இல் வந்த பணம். மீதியை எக்செல் போடும்:

```
E4: =C4+D4
H4: =F4-G4
I4: =$B$1-E4
J4: =IF(I4<=0,"கெடுவுக்குள்",IF(I4<=30,"30 வரை",IF(I4<=60,"60 வரை",IF(I4<=90,"90 வரை","90க்கு மேல்"))))
```

B1-இல் `TODAY()` போடாமல் தேதியைக் கையால் அடிப்பது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்குத் திறக்கும்போது கணக்கு தானாக மாறி, இன்று பார்ட்டியிடம் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகாது.

G பத்திதான் கடினம். படம் பில் பிறந்த நாளோடு நின்றுவிடும். அதன் பிறகு வந்த பணம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. பல்லடம் ரோடு பார்ட்டிக்கு இரண்டு பில்: ஏப்ரல் 12-இல் 31,500, ஜூன் 5-இல் 63,000. நடுவில் எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் 20,000 அனுப்பியிருந்தார். பழைய பில்லில் கழித்தால் 80 நாள் தாமதமான பாக்கி 11,500 மட்டும். புதியதில் கழித்தால் அதே 80 நாள் பாக்கி 31,500. மொத்தம் இரண்டிலும் 74,500 தான், ஆனால் பட்டியல் சொல்லும் செய்தி வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு முறை வகுத்திருக்கிறது: கொடுப்பவர் சொன்னால் சொன்ன பில்லுக்கு, அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் விருப்பம், இருவரும் தீர்மானிக்காவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாக. பழையதில் கழித்தோம்.

அவிநாசி ரோடு பார்ட்டியின் 42,000 பில்லில் 400 ரூபாய் மட்டும் 113 நாளாக நின்றது. அவர் ஏமாற்றவில்லை. 40,000 கூலிக்கு ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டியிருக்கிறார். அது வருமான வரித்துறையில் நம் பெயரில் வரவாக நிற்கும் பணம். படிவம் 26ஏஎஸ்-இல் சரிபார்த்து பாக்கியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட சில்லறைகள் சேர்ந்து, 90 நாள் பத்தியில் பத்து பெயர்களாக நின்று, உண்மையான பாக்கியை மறைத்துவிடும்.

கடைசியில் பிவட் டேபிள் போட்டதும் வந்த கணக்கு இது. கெடுவுக்குள் 52,500. 30 நாள் வரை 63,000. 31 முதல் 60 வரை எதுவுமில்லை. 61 முதல் 90 வரை 11,500. 90-க்கு மேல் 84,000. மொத்தம் 2,11,000. அந்த 84,000 முழுவதும் மங்கலம் ரோடு பார்ட்டியின் ஒரே பில், மார்ச் 20-ஆம் தேதியது, 103 நாள் தாமதம். "பிரிண்ட் மங்கலா இருக்குன்னு சொன்னாங்க. டெபிட் நோட்டும் அனுப்பல, பணமும் அனுப்பல" என்றார் அந்த அம்மா. குறிப்புப் பத்தியில் 'தகராறு' என்று எழுதினோம். மற்ற பாக்கிகளைப் போல அதை வரும் பணமாக எண்ணி நூல் கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் பட்டியலிலும் 90 நாளைத் தாண்டி ஒரு பெரிய பில் நின்றால், போனில் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பில் எண்ணும் தொகையும் போட்ட பாக்கி உறுதிக் கடிதத்தில் பார்ட்டியின் கையெழுத்தை வாங்குங்கள். கடனை வசூலிக்க வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் காலவரம்பு. அது முடிவதற்குள் வாங்கிய கையெழுத்து, அந்த 3 ஆண்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்கும்.