பச்சிளங்குழந்தையின் கார் சீட்... முன்னால் வைத்தால் என்ன ஆகும்?

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிரசவம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாள். பின்சீட் முழுக்க உறவும் பைகளும். துபாயிலிருந்து தாய்மாமன் வாங்கி அனுப்பிய குழந்தை சீட்டை எங்கே வைப்பது? ``முன்னால வைங்க, ஓட்டுறவரு பார்த்துக்குவாரு'' என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அதைக் கேட்கவே கூடாது.

காரணம், டேஷ்போர்டுக்குள் மடிந்திருக்கும் ஏர்பேக். 2022 தொடக்கத்திலிருந்து விற்பனையாகும் எல்லா புதுக் கார்களிலும் முன்சீட்டுப் பயணிக்கும் அது கட்டாயம். சீட் பெல்ட் போட்டு, டேஷ்போர்டிலிருந்து தள்ளி உட்காரும் பெரியவரின் தலையையும் மார்பையும் தாங்குவதற்காக அது செய்யப்பட்டது.

கைக்குழந்தை சீட்டோ பின்னோக்கிப் பார்த்திருக்கும். முன்சீட்டில் வைத்தால் அதன் முதுகுப்பக்கம் டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். கார் மோதியதும், கண் இமைப்பதற்குள் ஏர்பேக் வெடித்து விரிந்து அந்த முதுகுப்பக்கத்தை அறையும். அதன் மறுபுறம்தான் குழந்தையின் தலை இருக்கிறது. அந்த அடி அப்படியே மண்டைக்கும் கழுத்துக்கும் போகும். காரில் மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லாத விபத்திலும் குழந்தை இறந்துபோகலாம்.

`அப்படியானால் சீட்டை முன்னோக்கித் திருப்பிவிடலாமே?' அதுவும் தவறு. பச்சிளங்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்தில் பலம் இல்லை. பின்னோக்கி இருந்தால்தான் மோதலின்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் ஒருசேரத் தாங்கும். திசை சரிதான், மாற்ற வேண்டியது இடம்.

மடியும் பாதுகாப்பில்லை. 2025 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே, முன்சீட்டில் தந்தையின் மடியில் இருந்த ஏழு வயதுச் சிறுவன், கார் மோதி ஏர்பேக் விரிந்ததில் உயிரிழந்தான்.

`நம்ம ஊர் ரோட்டில் என்ன பெரிய வேகம்?' என்றும் தோன்றும். அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும், வளைவில் டிராக்டர் நிற்கும். கெட்டியான சுவரில் மோதினால் மணிக்கு 25 கி.மீ. அளவு வேகத்திலேயே ஏர்பேக் விரியக்கூடும்.

ஆகவே பைகள் டிக்கிக்கு, பாட்டி முன்சீட்டுக்கு, குழந்தை சீட் பின்சீட்டுக்கு. அதை ஐசோஃபிக்ஸ் கொக்கியிலோ சீட் பெல்ட்டிலோ இறுக்கிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும்.

பின்சீட்டே இல்லாத வண்டி என்றால்? சில கார்களில் டேஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரியும்படி, சாவியால் திருப்பும் ஸ்விட்ச் இருக்கும். அதை அணைத்து, PASSENGER AIR BAG OFF என்ற விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே சீட்டை அங்கே வைக்கலாம். ஸ்விட்ச் இல்லாவிட்டால் அந்த வண்டியே வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்கிச் சமாளிக்கவும் கூடாது, மற்ற ஏர்பேக்குகளும் செயலிழக்கலாம். அடுத்து அந்த இடத்தில் பெரியவர் உட்காரும்போது ஸ்விட்சை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.