38 பெயர்களும் தெரிய வேண்டும்

எக்செலில் புதிதாகச் செருகப்படும் வரைபடம் 5 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் கொண்டது. ஆறேழு பத்திகளுக்கு இந்த அளவு போதும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் பெய்த மழையை நான்கு பருவங்களாகப் பிரித்து அடுக்குப் பத்தி வரைபடமாகப் போட்டால்தான் சிக்கல் தெரியும். நான்கு பருவங்களின் பெயரைத் தாங்கும் குறிவிளக்கம் வலப்பக்கம் நின்றால், பத்திகளுக்கு மிஞ்சுவது சுமார் 8 சென்டிமீட்டர். அதாவது ஒரு மாவட்டத்துக்கு 2 மில்லிமீட்டர்தான். 9 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கே 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும்.

இடம் போதாதபோது எக்செல் முதலில் பெயர்களைச் சாய்க்கும், பிறகு செங்குத்தாக நிறுத்தும். அதுவும் போதாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களை விட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பெயர்கள் நெருக்கியடித்து நின்றால் கண்ணுக்குத் தெரியும். விட்டுப்போன கள்ளக்குறிச்சியை யாரும் கவனிக்க மாட்டார்கள், அதன் பத்தி மட்டும் பெயரில்லாமல் நிற்கும். இதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே முதல் வேலை, கிடைமட்ட அச்சை இரட்டைச் சொடுக்கித் திறக்கும் Format Axis பலகையில் Labels பகுதிக்குப் போய், Specify interval unit என்பதில் 1 என்று இடுவது. எல்லாப் பெயர்களும் திரும்பி வரும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

அடுத்தது அளவு. குறிவிளக்கத்தை வலப்பக்கத்திலிருந்து மேலே மாற்றி, வரைபடத்தின் அகலத்தை Format தாவலில் 25 சென்டிமீட்டராக்கலாம். படுக்கைவாட்டில் வைத்த ஏ4 தாளில் இது அடங்கும். இப்போது ஒரு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கிடைக்கிறது. பிறகு அதே பலகையில் Size & Properties குறும்படத்தின் கீழ் உள்ள Custom angle கட்டத்தில் -45 என்று இட்டால், பெயர்கள் இடமிருந்து வலமாக மேலேறி, தத்தம் பத்தியின் அடியில் வந்து முடியும். சாய்ந்த வரிகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இருக்கும் என்பதால் ஒன்றையொன்று தொடாது. -90 இன்னும் குறைந்த இடத்தில் அடங்கும். ஆனால் படிப்பவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும், அதனால் வேறு வழியில்லாதபோது மட்டுமே அது நல்லது. திருவண்ணாமலை, இராமநாதபுரம் போன்ற நீண்ட பெயர்கள் கீழே இடம் பிடித்துப் பத்திகளைக் குட்டையாக்கும். உயரத்தையும் 12 சென்டிமீட்டர் அளவுக்குக் கூட்டினால் அது சரியாகும்.

குறிவிளக்கப் பெட்டியிலும் இதே ஆபத்து உண்டு. அதைக் கையால் இழுத்துச் சிறிதாக்கினால் உள்ளே இருக்கும் பெயர்களில் சில சத்தமில்லாமல் மறைந்துவிடும். நான்கு பருவங்களும் ஒரே வரியில் வரும்வரை பெட்டியை அகலமாக்க வேண்டும். ‘தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர் வரை’ என்ற நீண்ட தலைப்பை அட்டவணையிலேயே ‘தென்மேற்கு’ என்று சுருக்கினால் இன்னும் எளிது. பருவங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதங்களையும் போட்டால் நிறங்களைப் பிரித்தறியவே முடியாது. எழுத்தளவை எவ்வளவு குறைத்தாலும் அது சரியாகாது.

அச்சிடுவதற்கு முன் அச்சில் உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள். 38 இருக்க வேண்டும்.