மெதுவா ஓடினா வலி இல்லை, அது போதுமா?

பின்தொடையில் ஹாம்ஸ்ட்ரிங் தசை லேசாகக் கிழிந்து மூணு வாரம். மெதுவா ஓடினா வலியே இல்லை. சரியாயிடுச்சுன்னு வேகத்தைக் கூட்டினேன். அதே இடத்தில் மறுபடி சுருக்கென்றது.

காரணம் எளிது. கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முன்னால் வீசிப் போகும் கீழ்க்காலை இந்தத் தசைதான் நீண்டுகொண்டே பிரேக் போட்டு நிறுத்துகிறது. மெதுவோட்டத்தில் அந்த பிரேக் வேலை ரொம்பக் குறைவு. முழு வேகத்தை நெருங்க நெருங்கத்தான் கிடுகிடுன்னு ஏறும். அதனால் மெதுவோட்டத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாம் முறை படிப்படியாகப் போனேன். முதலில் ஐசோமெட்ரிக்: மல்லாந்து படுத்து, குதிகாலை நாற்காலியில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி 30 விநாடி அசையாமல், 5 தடவை. ஒற்றைக் காலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடிந்ததும், குதிகாலுக்கு அடியில் துணி வைத்து வழுவழுப்பான தரையில் காலை மெல்ல நீட்டும் பயிற்சி. தசை நீளும்போதே சுமை தாங்கப் பழகுவது இங்கேதான்.

பிறகு ஓட்டம். 60 மீட்டரில் முதல் 20-இல் வேகம் கூட்டி, அடுத்த 20-இல் அதே வேகம், கடைசி 20-இல் தளர்வு. 60% முயற்சியில் தொடங்கி, நடுவில் ஓய்வு நாள் விட்டு, 10% கூட்டினேன். 80%க்கு மேல் 5% மட்டும். மறுநாள் காலை குனியும்போது இறுக்கம் இருந்தால் ஒரு படி கீழே. 85%இல் எனக்கு அப்படி ஆச்சு; 80%க்கு இறங்கி ஒரு வாரம் இருந்தேன்.

அடிபட்டபோது 'டப்'னு சத்தம் கேட்டாலோ, பெரிசா ரத்தம் கட்டினாலோ, இந்தப் படிகளுக்கு முன் டாக்டர்.