வெளிச்சம் வரலாம், கண் கூசக் கூடாது

1965 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டபோது, அதை உலகின் எட்டாவது அதிசயம் என்றார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 196 மீட்டர் அகலத்தை மூடி நின்றது இரும்புச் சட்டக் கூரை. உள்ளே உண்மையான புல்தரை. அந்தப் புல்லுக்கு வெயில் வேண்டும் என்பதற்காகக் கூரையில் 4,596 ஒளிபுகு பலகைகளைப் பதித்திருந்தார்கள்.

பகல் வெளிச்சத்தில் பயிற்சி தொடங்கியதுமே சிக்கல் தெரிந்துவிட்டது. உயரே எழும்பிய பேஸ்பால் பந்து வீரர்களின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பந்துக்கு வேறு நிறங்களைப் பூசிப் பார்த்தார்கள். எதுவும் சரிப்படாமல் கடைசியில் கூரைப் பலகைகளுக்கே வெள்ளை பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. அடுத்த ஆண்டு அங்கே விரிக்கப்பட்ட செயற்கைப் புல்தான் ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது.

தவறு எங்கே நடந்தது? வெளிச்சம் கூடிப்போனதுதான் காரணம் என்று தோன்றும். ஆனால் திறந்த மைதானத்தில் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. அங்கே பந்து தெரியத்தான் செய்கிறது. ஆஸ்ட்ரோடோமில் வெயில் பட்டு ஜொலித்த பலகைகளும், அவற்றுக்கு நடுவே இருண்டு தெரிந்த இரும்புச் சட்டங்களும் மாறி மாறி வந்தன. பந்து அந்தக் கட்டங்களைக் கடந்து பறக்கும்போது கண் அதைப் பின்தொடர முடியாமல் திணறியது. ஒளியைப் பரப்பும் பலகைதான் போடப்பட்டிருந்தது. ஆனால் நேர் வெயில் பட்டால் ஒளி பரப்பும் பலகையே ஒரு பெரிய விளக்காக மாறிவிடும். கண் கூசுவதைத் தீர்மானிப்பது வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல. ஆடுபவர் பார்க்கும் திசையில் எது எதைவிட எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதும்தான்.

நம் ஊர்களில் இந்தச் சோதனையை அதிகம் சந்திப்பது ஷட்டில் கோர்ட். பந்து வெள்ளை, ஆட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும் ஆட்டம். ஷெட் போட்டு, செலவு குறையட்டும் என்று ஆடுகளத்துக்கு நேர் மேலே நாலைந்து பாலிகார்பனேட் ஷீட்டைச் செருகினால், ஆஸ்ட்ரோடோமின் தவறு சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. ட்ரஸ்ஸை ஒருவரும் வெளிச்சத்தை இன்னொருவரும் தனித்தனியாக யோசிப்பதால் வரும் வினை இது. இரண்டையும் சேர்த்தே யோசித்தால் எப்படி இருக்கும் என்று சென்னையில் கட்டப்போகும் ஒரு பயிற்சி அரங்கை வைத்துப் பார்ப்போம்.

ஓர் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். நீளவாக்கில் இரண்டு ஆடுகளங்களை வைத்து, முனைகளிலும் நடுவிலும் ஓடி நிற்க இடம் விட்டால் 36 மீட்டர் தேவை. அதுதான் ட்ரஸ் தாண்ட வேண்டிய தூரம். பக்கவாட்டில் ஆடுகளங்களுக்கு இடையே சுமார் 2 மீட்டர் விட்டால், ஒவ்வொரு 8 மீட்டருக்கும் ஓர் இடைவெளி வரும். ட்ரஸ்களை அந்த இடைவெளிகளுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும்.

ட்ரஸ் வேலை செய்யும் விதம் எளிது. மேல் தண்டு அமுக்கப்படுகிறது, கீழ்த் தண்டு இழுக்கப்படுகிறது, நடுவிலுள்ள சாய்வுக் கம்பிகள் இரண்டையும் பிணைக்கின்றன. கூரையின் சொந்த எடையும், பராமரிப்புக்கு ஆள் ஏறுவது போன்ற சுமையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 115 கிலோ என்று கொள்வோம். 8 மீட்டர் பட்டைக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 920 கிலோ ட்ரஸ்ஸின் மேல் வரும். ட்ரஸ்ஸின் உயரம் 3 மீட்டர் என்றால் நடுப்பகுதியில் ஒவ்வொரு தண்டும் ஏறத்தாழ 50 டன் விசையைத் தாங்க வேண்டும். உயரத்தை 1.5 மீட்டராகக் குறைத்தால் அது 100 டன் ஆகிவிடும். ஆக, உயரமான ட்ரஸ் இரும்பை மிச்சப்படுத்துகிறது. அந்த 3 மீட்டர் உயரமே வெளிச்சத்துக்கான சன்னலாகவும் ஆகலாம்.

ஒரு ட்ரஸ்ஸின் மேல் தண்டிலிருந்து அடுத்த ட்ரஸ்ஸின் கீழ்த் தண்டுக்குச் சரிவாகப் பர்லினையும் ஷீட்டையும் போட்டால், ரம்பப் பல் வடிவில் கூரை கிடைக்கும். ட்ரஸ்ஸின் செங்குத்தான முகத்தில், வடக்குப் பார்த்தபடி, ஒளி பரப்பும் கண்ணாடி. வடக்கே பார்ப்பவருக்குத்தான் இந்தக் கண்ணாடி நேராகத் தெரியும். ஆடுகளங்கள் கிழக்கு மேற்காக இருந்தால், ஆடுபவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்து ஆடுவார்கள். கண்ணாடி பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் சன்னலே வைக்காமல், பளபளப்பில்லாத கரும்பச்சை பூசிவிட வேண்டும். வெள்ளைப் பந்து அதன் மேல் எடுப்பாகத் தெரியும்.

இந்த வடக்குச் சன்னலை இங்கிலாந்தின் பழைய ஆலைகளைப் பார்த்து அப்படியே போட்டால் சென்னையில் மாட்டிக்கொள்வோம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூனில் அது உச்சியிலிருந்து பத்து டிகிரி வடக்கே சாய்ந்து நிற்கும். 2 மீட்டர் உயரக் கண்ணாடி என்றால் மேலே 40 சென்டிமீட்டர் நீட்டிய தாழ்வாரம் அந்த வெயிலைத் தடுத்துவிடும். காலையும் மாலையும் தாழ்வாக வரும் வெயிலுக்குத் தாழ்வாரம் போதாது. கண்ணாடிக்கு வெளியே செங்குத்துத் தட்டிகள் வேண்டும். தட்டிகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியாவது அவை துருத்தி நிற்க வேண்டும்.

இந்த வடிவத்தில் இரண்டு இடங்களை விட்டுவிட முடியாது. ஒன்று காற்று. சென்னைக்கு விதிக்கப்பட்ட அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 40 கிலோ எடையுள்ள கூரையைப் புயல் மேலே உறிஞ்சும்போது கீழ்த் தண்டு இழுவையிலிருந்து அமுக்கத்துக்கு மாறி, பக்கவாட்டில் வளையப் பார்க்கும். ரம்பப் பல் கூரையில் பர்லின்கள் கீழ்த் தண்டிலும் வந்து சேர்வதால் அவை பிடித்துக்கொள்ள உதவும். அதற்கும் மேல் குறுக்குப் பிணைப்புக் கம்பிகள் தேவையா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று மழை. ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஒரு நீண்ட வாய்க்கால் ஓடுகிறது. ட்ரஸ்ஸை முன்கூட்டியே மேல்நோக்கி லேசாக வளைத்துச் செய்தால், சுமை ஏறிய பிறகும் நடு உயர்ந்தே இருந்து தண்ணீர் இரு முனைகளுக்கும் வடியும். நடு தொய்ந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, அதன் எடை தொய்வை மேலும் கூட்டும். ஆள் நடந்து குப்பையை அள்ளும் அகலம் வாய்க்காலுக்கு அவசியம்.

இது ஒன்றே வழி என்பதில்லை. 2012 ஒலிம்பிக்கில் ஹேண்ட்பால் ஆட்டம் நடந்த லண்டன் காப்பர் பாக்ஸ் அரங்கின் கூரையில் 88 ஒளிக்குழாய்கள் பகல் ஒளியை உள்ளே இறக்குகின்றன. ஷட்டிலின் பெரிய போட்டிகளுக்கோ பகல் ஒளியை மறைத்துவிட்டு விளக்கில் ஆடுவதே வழக்கம். அதனால் கண்ணாடிக்குத் திரையும் வேண்டும், விளக்கும் வேண்டும். பகல் ஒளி மிச்சப்படுத்துவது அன்றாடப் பயிற்சியின் மின்கட்டணத்தை.

உங்கள் ஊரில் உள்ளரங்கம் கட்டும் பேச்சு எழுந்தால், இரும்புக்கு விலை கேட்பதற்கு முன் ஆடுகளம் எந்தத் திசையில் அமையப்போகிறது என்று கேளுங்கள். ஓர் அட்டை மாதிரியைச் செய்து வெயிலில் வைத்து, ஆடுபவரின் கண் இருக்கும் இடத்தில் கைபேசிக் கேமராவை நுழைத்துப் படமெடுத்துப் பாருங்கள். ஜொலிக்கும் பட்டை படத்தில் விழுந்தால், அதை அட்டையிலேயே வெட்டித் திருத்திவிடலாம்.